அரபு வினைத்திரிபுக்குக் கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சி: நீண்டநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

மாளீ (இறந்தகாலம்), முளாரிஃ (நிகழ்காலம்) இரண்டுக்கும் தலா 14 வடிவங்களை மனப்பாடம் செய்தபின் கோடிட்ட இடம் நிரப்பப் பழகுவதுதான் வழக்கம். தொடக்கநிலைக்கு இது நன்றாகவே உதவுகிறது. ஆனால் பெரும்பாலான பயிற்சித் தாள்களில் 'ஹுவ ____', 'ஹிய ____' என்று பிரதிப்பெயர் முன்னாலேயே நிற்கும். அட்டவணையைப் பார்த்துப் பொருத்தினால் விடை வந்துவிடும், வாக்கியத்தைப் படிக்கவே வேண்டாம்.

பிரதிப்பெயரை எடுத்துவிட்டால்தான் உண்மை நிலவரம் தெரிகிறது. 'யா ஸைனபு, மாதா ____ அல்ஆன?' (ஸைனபே, இப்போது என்ன எழுதுகிறாய்?) என்று கேட்டால் தமிழர்கள் பெரும்பாலும் 'தக்துபு' என்று எழுதுவார்கள். சரியான விடை 'தக்துபீன'. அவன், அவள் வேறுபாடு தமிழிலேயே இருப்பதால் 'யக்துபு', 'தக்துபு' இரண்டிலும் சிக்கல் குறைவு. 'நீ' என்பதற்குத் தமிழில் ஆண், பெண் கிடையாது, சறுக்கல் அங்கேதான். போதாததற்கு 'தக்துபு' என்பது 'அவள் எழுதுகிறாள்', 'நீ (ஆண்) எழுதுகிறாய்' இரண்டுக்கும் பொது. 'அவர்கள்' என்பதிலும் இதே கதை: ஆண்கள் என்றால் 'யக்துபூன', பெண்கள் மட்டும் என்றால் 'யக்துப்ன'.

அடுத்த பொறி, வினை நிற்கும் இடம். 'அத்தாலிபாது ____ அத்தர்ஸ அம்ஸி' (மாணவிகள் நேற்றுப் பாடத்தை எழுதினார்கள்) என்றால் விடை 'கதப்ன'. அதே வாக்கியத்தில் கோட்டை முன்னால் போட்டால் 'கதபத்' என்று ஒருமை வரும். எழுவாய் பின்னால் வந்தால் வினை பன்மைக்கு மாறாது, பாலை மட்டும் காட்டும். சேர்த்துப் படிக்கும்போது இது 'கதபதித் தாலிபாது' என்று ஒலிக்கும். அந்த 'தி'யைக் கேட்டுவிட்டு 'கதப்தி' (நீ எழுதினாய், பெண்) என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது இரண்டு மெய்கள் மோதாமல் இருக்க வந்த இணைப்பு உயிர். நடுவில் 'ப' உயிரோடு நிற்கிறதா, 'ப்' என்று நிற்கிறதா என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

விடைத்தாளில் ஹரகத் (உயிர்க்குறிகள்) இல்லையென்றால் பயிற்சியே பாழ். கதப்து, கதப்த, கதப்தி, கதபத் நான்கும் குறியின்றி ஒரே எழுத்துகளாகத்தான் இருக்கும்; தப்பான விடையும் சரியாகத் தெரியும். குறி போட்டு எழுதச் சொல்லுங்கள், அல்லது வாயால் சொல்லச் செய்யுங்கள்.

தாள் தயாரிக்கிறவர்களுக்கு இரண்டு யோசனைகள். 'அம்ஸி' (நேற்று), 'குல்ல யவ்மின்' (தினமும்) போல ஒரு காலச்சொல் ஒவ்வொரு வாக்கியத்திலும் இருக்கட்டும். இல்லாவிட்டால் இரண்டு காலமும் பொருந்தும். வினையைக் 'கதப–யக்துபு', 'ஜலஸ–யஜ்லிஸு', 'தஹப–யத்ஹபு' என்று ஜோடியாகக் கொடுங்கள், ஏனென்றால் நிகழ்காலத்தின் நடு உயிரை இறந்தகாலத்தை வைத்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. 'கால' (சொன்னான்) போன்ற வினைகள் 'குல்து' (சொன்னேன்) என்று உருமாறுவதால் அவற்றைத் தனித் தாளுக்கு ஒதுக்குவது மேல்.