புல்லை அளக்க எல்லாச் சட்டத்தையும் வெட்டுவதா, கண்ணளவோடு சிலவற்றை மட்டும் வெட்டுவதா?

ஒரு புல்வெளியில் சதுர மீட்டருக்கு எவ்வளவு உலர்புல் இருக்கிறது என்று நான் கணக்கிட வேண்டியிருந்தது. கையில் 40 மணி நேர வேலைதான். ஒரு சதுரச் சட்டத்தைப் போட்டு, அதற்குள் இருக்கும் புல்லை வெட்டி, உலர்த்தி, நிறுத்து முடிக்க 40 நிமிட உழைப்பு. அதே சட்டத்தைப் பார்த்து "இதில் இத்தனை கிராம் தேறும்" என்று எழுதிக்கொள்ள, அடுத்த சட்டத்துக்கு நடப்பதையும் சேர்த்து, 2 நிமிடம்.

முதல் வழி, நேரம் முழுவதையும் வெட்டுவதிலேயே செலவிடுவது. 60 சட்டம் கிடைக்கும். சராசரி எடுத்தால் வேலை முடிந்தது. கணக்கு எளிது, யாரும் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்கள். வெறும் கண்ணளவோடு நிறுத்திக்கொண்டால் 1,200 சட்டம் வரும். ஆனால் கண் கூட்டிச் சொல்கிறதா, குறைத்துச் சொல்கிறதா என்று தெரியவே வராது. அதை விட்டுவிடலாம்.

நான் எடுத்தது இருகட்ட மாதிரி. புள்ளியியலாளர் நேமன் 1938-இல் எழுதிய முறை. பல சட்டங்களைக் கண்ணால் மதிப்பிட்டு, அவற்றில் சிலவற்றை மட்டும் சமவாய்ப்பில் தேர்ந்து வெட்டுவது. என் கணக்கில் 277 கண்ணளவு, 46 வெட்டு. மொத்த நேரம் அதே 40 மணிக்குள் அடங்கியது.

இது எப்படி உதவுகிறது? எளிய எண்களில் சொல்கிறேன். வெட்டிய 46 சட்டங்களில் தராசு சொன்ன சராசரி 100 கிராம், கண் சொன்னது 118 என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் கூட்டிச் சொல்கிறது, பரவாயில்லை. 277 சட்டங்களிலும் கண்ணளவின் சராசரி 126. அப்படியானால் வெட்டிய 46-உம் தற்செயலாகக் கொஞ்சம் புல் குறைந்த இடங்களில் விழுந்திருக்கின்றன. அந்த 46 சட்டங்களில் கண்ணளவுக்கு எதிரே தராசு எடையை வைத்து வரைந்த கோட்டின் சாய்வு 0.75 என்றால், திருத்திய மதிப்பு இது:

```
100 + 0.75 × (126 − 118) = 106
```

கண் சரியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஒரே சீராகச் சொன்னால் போதும். புல் கூடும் இடத்தில் கண்ணும் கூட்டிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

தேர்வை முடிவு செய்வதும் இந்தச் சீர்தான். அதை அளப்பது கண்ணளவுக்கும் தராசுக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு, r. செலவு விகிதம் k என்றால் (இங்கே 40/2 = 20), இருகட்டம் லாபமாக இருக்க வேண்டிய நிபந்தனை:

```
k > (1 + √(1 − r²))² / r²
```

r 0.8 ஆனால் k 4-ஐத் தாண்டினாலே போதும். என் 20-க்கு, பரவற்படி, அதாவது மதிப்பீடு எவ்வளவு அலையும் என்பதன் அளவு, 60 வெட்டுகளின் பரவற்படியில் 61% ஆகக் குறைகிறது. வெட்டி மட்டுமே அந்தத் துல்லியத்தை எட்ட 99 சட்டம், அதாவது 66 மணி நேரம் வேண்டும். r 0.6 ஆனால், அதற்கேற்ப எண்ணிக்கையை மாற்றினாலும் பரவற்படி 13% தான் குறைகிறது. 0.4-க்கு இறங்கினால் k 23 வேண்டும். 20 மடங்கு மலிவாக இருந்தும் கண்ணளவு நஷ்டம்தான்.

r எப்படி இறங்கும் என்பதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். எந்தச் சட்டத்தை வெட்டப் போகிறேன் என்று முன்கூட்டியே தெரிந்திருந்ததால், அவற்றை மட்டும் உற்றுப் பார்த்து மதிப்பிட்டிருக்கிறேன். மற்றவற்றைப் போகிற போக்கில். 46-இல் பார்த்த r அழகாக இருக்கும், மீதி 231-இல் அது இருக்காது. சூத்திரத்துக்கு இது தெரியவும் தெரியாது. இப்போது சீட்டுகளை மடித்து எடுத்துப் போகிறேன். கண்ணளவை எழுதிய பிறகுதான் சீட்டைப் பிரிப்பது. "வெட்டு" என்றிருந்தால் வெட்டுவது. அப்புறம், மதியத்துக்கு மேல் கண் தளர்ந்து எல்லாமே நடுத்தரமாகத் தெரியும். கோட்டிலிருந்து விலகும் அளவுகளை மதிப்பிட்ட வரிசைப்படி வரைந்து பார்த்தால், அவை ஒரு பக்கமாகச் சாய்வதோ விரிவதோ அதில் தெரிந்துவிடும்.

கண்ணளவைக் கொண்டு முதலில் அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் வெட்டும் வகையும் உண்டு. அதை ஒரே ஒரு முறைதான் செய்திருக்கிறேன், அதனால் ஒப்பிட்டுத் தீர்ப்பு சொல்லமாட்டேன்.

r-ஐ முன்கூட்டி எப்படி அறிவது? 15 சட்டங்களில் இரண்டையும் செய்து பார்த்தேன், 0.8 வந்தது. ஆனால் 15-க்கு 95% நம்பக எல்லை ஏறக்குறைய 0.49-இலிருந்து 0.93 வரை நீள்கிறது. கீழ் எல்லையிலும் தேவைப்படும் k 15-ஐத் தொடவில்லை, என்னிடம் 20 இருந்தது. k 8 ஆக இருந்திருந்தால் வெட்டவே போயிருப்பேன்.