இரண்டு ஹெட்ஜ் ஃபண்டுகள், ஒரே கட்டணம்: எது நல்லது?

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை விற்ற சித்தப்பா, இரண்டு ஃபண்டுகளின் விண்ணப்பங்களோடு சேலம் வந்தார். இரண்டிலும் ஆண்டுக்கு 2% நிர்வாகக் கட்டணம், லாபத்தில் 20% பங்கு. "ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார். இல்லை, ஒன்றில் மட்டுமே ஹை வாட்டர் மார்க் இருந்தது; அதாவது, முதலீடு இதுவரை தொட்ட உச்ச மதிப்பில் போடும் கோடு, அதைத் தாண்டினால்தான் லாபப் பங்கு.

நிர்வாகக் கட்டணம் போக, 1 கோடி முதல் வருடம் 1.20 கோடி ஆகிறது என்று வைப்போம். லாபம் 20 லட்சம், மேலாளர் பங்கு 4 லட்சம், மீதி 1.16 கோடி. இரண்டாம் வருடம் அது 90 லட்சமாகச் சரிகிறது. மூன்றாம் வருடம் 1.10 கோடிக்கு ஏறுகிறது.

கோடு இல்லாத ஃபண்ட் அந்த 20 லட்ச ஏற்றத்துக்கும் 4 லட்சம் எடுக்கும். சித்தப்பாவோ பழைய உச்சத்துக்கே திரும்பவில்லை! கோடு உள்ள ஃபண்ட் 1.16 கோடியைத் தாண்டும்வரை லாபப் பங்கு கேட்க முடியாது. ஒரே லாபத்துக்கு இருமுறை பணம் போகாது.

நான் கோடு உள்ளதைத்தான் சொன்னேன். ஆனால் நஷ்ட வருடத்திலும் 2% போகும். அப்புறம், கோடு எட்டாத உயரத்தில் நின்றால் சில மேலாளர்கள் ஃபண்டையே மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்கள். அங்கே பழைய கோடு செல்லாது.