நிலுவைத் தவணை யாருடைய பணம்? இரண்டு போனஸ் ஒப்பந்தங்கள் குறித்து ஓர் ஒப்பீடு

2017ஆம் ஆண்டின் இறுதியில் என் மேசையில் இரண்டு வேலை நியமனக் கடிதங்கள் இருந்தன. இரண்டு நிறுவனங்களும் சிங்கப்பூரில் சரக்கு வணிகத்தில் ஈடுபட்டிருந்தவை. இரண்டிலும் வேலை ஏறக்குறைய ஒன்றே, மாதச் சம்பளமும் ஏறக்குறைய ஒன்றே. போனஸை மூன்று சம தவணைகளாக, ஆண்டுக்கு ஒன்றாக, மார்ச் மாதத்தில் தருவதாகவும் இரண்டு கடிதங்களும் சொல்லின. முதல் கடிதத்தில் எதிர்பார்க்கப்பட்ட ஆண்டு போனஸ் 72,000 வெள்ளி, இரண்டாவதில் 60,000 வெள்ளி. கணக்குப் பார்க்க எளிதாக இருக்கட்டும் என்று இங்கே தொகைகளை முழுமையாக்கியிருக்கிறேன். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். வீட்டில் எல்லோருக்கும் வியப்பாக இருந்தது. இன்று அதே நிலையில் இருந்தாலும் அதையேதான் தேர்ந்தெடுப்பேன்.

நிறுவனங்கள் ஏன் தவணையாகத் தருகின்றன என்பதில் நீண்ட விளக்கம் தேவையில்லை. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு, 2009இல் அனைத்துலக நிதி நிலைத்தன்மை வாரியம், பெரிய வங்கிகளின் மூத்த அதிகாரிகளுடைய மாறும் ஊதியத்தில் கணிசமான பங்கை, உதாரணமாக 40 முதல் 60 விழுக்காட்டை, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குத் தள்ளித் தர வேண்டும் என்று வரையறுத்தது. வங்கிகளில் தொடங்கிய இந்த வழக்கம் இன்று வணிக நிறுவனங்களிலும் இருக்கிறது. ஊழியர் விலகாமல் இருக்க வேண்டும் என்ற நோக்கமும் அதில் சேர்ந்திருக்கிறது.

இரண்டு கடிதங்களுக்கும் இடையிலான வேறுபாடு ஒரே வாக்கியத்தில் இருந்தது. முதல் கடிதம், ஒவ்வொரு தவணையும் அது வழங்கப்படும் நாளில் ஊழியர் பணியில் இருந்தால்தான், அதுவும் விலகல் நோட்டீஸ் கொடுக்காத நிலையில் இருந்தால்தான் அவருக்குச் சேரும் என்றது. அதாவது, ஒரு தவணை கைக்கு வரும் வரை அது ஈட்டப்பட்ட பணமே அல்ல. இரண்டாவது கடிதம், போனஸ் அறிவிக்கப்படும் நாளிலேயே முழுத் தொகையும் ஊழியருக்கு உரியதாகிவிடும் என்றும், வழங்கும் தேதிகள் மட்டுமே பின்னால் வரும் என்றும், விலகினாலும் அந்தத் தேதிகளிலேயே தொகை வழங்கப்படும் என்றும் சொன்னது. கடுமையான ஒழுங்கீனத்துக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டாலோ, விலகிய பன்னிரண்டு மாதங்களுக்குள் போட்டி நிறுவனத்தில் சேர்ந்தாலோ நிலுவை போய்விடும் என்ற விதிவிலக்கும் அதில் இருந்தது.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. முழுத் தொகையையும் முன்கூட்டியே தந்துவிட்டு, ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் விலகினால் திருப்பிக் கேட்பது. அந்த வகை எனக்கு வரவில்லை என்பதால் அதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: அங்கே திருப்பிக் கேட்கப்படும் தொகை வரிக்கும் சேம நிதிப் பங்களிப்புக்கும் முந்தையதா பிந்தையதா என்பதைக் கையெழுத்திடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது நிலுவை எவ்வாறு குவிகிறது என்ற கணக்கு. பலர் விலகும்போது கடைசி ஆண்டு போனஸின் மீதி மட்டும் போகும் என்று நினைக்கிறார்கள். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதிய போனஸ் வருகிறது, பழையவற்றின் மீதியும் கூடவே நிற்கிறது. முதல் கடிதத்தின் 72,000 வெள்ளியை எடுத்துக்கொள்வோம். முதல் மார்ச்சில் 24,000 கைக்கு வருகிறது. இரண்டாம் மார்ச்சில் இரண்டு போனஸ்களிலிருந்து தலா ஒரு தவணையாக 48,000 வருகிறது. மூன்றாம் மார்ச் முதல் 72,000 முழுமையாக வரத் தொடங்குகிறது. அப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் இரண்டாம் மார்ச் முதல் எந்த ஆண்டு மார்ச் தவணையை வாங்கியதும் விலகினாலும், அந்த ஆண்டு போனஸில் 48,000மும் முந்தைய ஆண்டு போனஸில் 24,000மும், ஆக மொத்தம் 72,000 வெள்ளி வெளியே நிற்கும். மூன்று சம தவணை என்றால் விலகுபவர் இழப்பது ஒரு முழு ஆண்டு போனஸ். பத்தாண்டு இருந்தாலும் அது குறைவதில்லை. நான்கு தவணையாக இருந்தால் நிற்பது ஒன்றரை ஆண்டு போனஸ், ஐந்து என்றால் இரண்டு ஆண்டு போனஸ். இவை தவணையை வாங்கிய மறுநாள் நிலவரம். பிப்ரவரியில் விலகுபவர் இழப்பது இதைவிட அதிகம்.

இனி இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். மூன்றாம் மார்ச் தவணையை வாங்கிய பிறகு விலகினால், முதல் கடிதத்தில் கைக்கு வந்தது 24,000, 48,000, 72,000, ஆக 1,44,000 வெள்ளி. அத்துடன் முடிந்தது. இரண்டாவது கடிதத்தில் அதுவரை வந்தது 1,20,000 வெள்ளிதான், ஆனால் விலகிய பிறகு மேலும் 60,000 வரும், ஆக 1,80,000. ஐந்தாம் மார்ச்சில் விலகினால் 2,88,000க்கு எதிராக 3,00,000. ஆறாம் மார்ச்சில்தான் இரண்டும் 3,60,000இல் சமமாகின்றன. இருபது விழுக்காடு கூடுதலாகத் தரும் ஒப்பந்தம் தன் குறையை ஈடுசெய்ய ஆறு தவணைக் காலம் எடுக்கிறது. இந்தத் துறையில் ஆறு ஆண்டுகள் ஒரே இடத்தில் இருப்போம் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் முதல் கடிதத்தைத் தாராளமாக ஏற்கலாம். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

என் கணிப்பு ஏறக்குறைய சரியாகவே அமைந்தது. 2018 ஜனவரியில் சேர்ந்து, ஐந்தாவது தவணையை 2023 மார்ச்சில் வாங்கிக்கொண்டு, ஜூன் மாதம் விலகினேன். எனக்குக் கிடைத்த கூடுதல் 12,000 வெள்ளிதான், பெரிய தொகை அல்ல. அதைவிட மதிப்புடையதாக நான் கருதுவது, மூன்றாம் ஆண்டில் வேலை பிடிக்காமல் போயிருந்தாலும் பணத்துக்காகத் தங்கியிருக்க வேண்டிய நிலை எனக்கு வந்திருக்காது என்பதைத்தான். என் மைத்துனர் அதே காலத்தில் முதல் வகை ஒப்பந்தத்தில் இருந்தார். “மார்ச் வரட்டும் மாமா” என்று மூன்று ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு மார்ச்சிலும் அடுத்த மார்ச்சின் நிலுவை அவரைப் பிடித்து வைத்தது.

முதல் வகையில் நோட்டீஸ் குறித்த சொற்கள் தனிக் கவனம் பெற வேண்டியவை. “பணியில் இருந்தால்” என்று மட்டும் இருந்தால், மூன்று மாத நோட்டீஸ் உள்ளவர் ஜனவரி 2இல் நோட்டீஸ் கொடுத்து, மார்ச் 31 தவணையையும் வாங்கிக்கொண்டு ஏப்ரல் தொடக்கத்தில் விலகலாம். “நோட்டீஸ் கொடுக்காமல் இருந்தால்” என்று சேர்ந்துவிட்டால் அந்த வழி அடைபடும். தவணை வந்த மறுநாள்தான் நோட்டீஸ் கொடுக்க முடியும், ஜூன் இறுதி வரை உழைக்க வேண்டும், அந்த அரையாண்டுக்கான போனஸும் கிடைக்காது.

சட்டம் உதவுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இரண்டு வகைக்கும் ஒன்றல்ல. போனஸ் தர வேண்டும் என்று சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. எல்லாம் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. முதல் வகை நிபந்தனையை “இது தண்டத்தொகை, செல்லாது” என்று எதிர்ப்பது கடினம். ஏனெனில் தண்டத்தொகை விதி ஒப்பந்தத்தை மீறியவருக்கு விதிக்கப்படும் தொகைக்கு மட்டுமே பொருந்தும் என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் டெங்கா வழக்கில் உறுதிப்படுத்தியது. முறையாக நோட்டீஸ் கொடுத்து விலகுவது ஒப்பந்த மீறல் அல்ல.

இரண்டாம் வகையில் நிலைமை வேறு. 2012இல் அதே நீதிமன்றம், கார்கில் நிறுவனத்தின் சிங்கப்பூர்ப் பிரிவில் பணியாற்றிய ஒருவரின் வழக்கில், தள்ளி வைக்கப்பட்ட ஊக்கத்தொகை போட்டி வணிகத்தில் ஈடுபட்டால் பறிபோகும் என்ற விதியை வேலை செய்யும் உரிமையைக் கட்டுப்படுத்தும் விதியாகக் கருதி, அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே அத்தகைய விதி ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருப்பதாலேயே செல்லுபடியாகிவிடாது. அது நியாயமான அளவில் இருப்பதை நிறுவனம் காட்ட வேண்டும். என் கடிதத்திலும் அத்தகைய விதி இருந்தது. ஆனால் நான் சேர்ந்தது போட்டி நிறுவனம் அல்ல என்பதால், அது எனக்கு எதிராகப் பயன்படுத்தப்படவே இல்லை. அந்த நெருக்கடியில் நிறுவனங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை நான் அனுபவத்தில் காணவில்லை. ஆட்குறைப்பும் அப்படியே: என் கடிதம் அதை நல்ல முறையில் விலகுவதாகவே கருதியது, முதல் கடிதம் “நிறுவனத்தின் விருப்பப்படி” என்றது.

இரண்டாம் வகைக்கும் ஒரு பலவீனம் உண்டு, அதை மறைப்பது நேர்மையல்ல. விலகிய பிறகு இரண்டு மார்ச் மாதங்கள் முன்னாள் முதலாளியை நம்பி இருக்க வேண்டும். வட்டி கிடையாது. நிறுவனம் திவாலானால் மற்றக் கடன்காரர்களுடன் நாமும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். மேலும், சம்பளக் கோரிக்கைகளை விசாரிக்கும் நடுவர் மன்றத்துக்கு முதற்கட்டமாகச் சமரசத்துக்கு விண்ணப்பிக்க, வேலையை விட்டவருக்குக் கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதம்தான் அவகாசம். கோரிக்கை வரம்பும் 20,000 வெள்ளி, தொழிற்சங்கத்தின் வழியாகச் சென்றால் 30,000. ஜூனில் விலகியவருக்கு அடுத்த மார்ச்சில் தவணை வராமல் போனால் அதற்குள் அந்த அவகாசம் முடிந்திருக்கும். பிறகு மிஞ்சுவது சிவில் வழக்குதான். அதை ஒப்பந்த மீறல் வழக்காக ஆறு ஆண்டுகளுக்குள் தொடுக்கலாம், 60,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம் விசாரிக்கும். ஆனால் செலவும் அலைச்சலும் கூடும்.

இதனால் விலகும் வாரத்தில் மனிதவளப் பிரிவிடம் ஒரு கடிதம் கேட்டேன். எந்த ஆண்டின் போனஸில் எத்தனை தவணை மீதம், ஒவ்வொன்றும் எவ்வளவு, எந்தத் தேதியில், எந்த வங்கிக் கணக்குக்கு, எந்த விதியின் கீழ் மட்டுமே பறிபோகும் என்பவை அதில் இருக்க வேண்டும் என்று கேட்டேன். முதலில் “ஒப்பந்தத்தில் எல்லாம் இருக்கிறதே” என்றார் அந்த அதிகாரி. இருமுறை வலியுறுத்திய பிறகு ஒரு பக்கக் கடிதம் தந்தார். அதன்படி 2024 மார்ச்சில் 40,000 வெள்ளியும் 2025 மார்ச்சில் 20,000 வெள்ளியும் வந்தன. இரண்டாவது தவணை வருவதற்குள் அந்த அதிகாரியே வேறு வேலைக்குப் போயிருந்தார். பதவிக்கு வந்தவருக்கு நான் யாரென்றே தெரியவில்லை. அந்தக் கடிதத்தின் நகலை அனுப்பிய மறுவாரம் பணம் கணக்கில் ஏறியது.