அடிக்கடி வரும் நீர்க்கடுப்பு: தண்ணீரா, கிரீமா, தினசரி மாத்திரையா?

54 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதவிடாய் நின்று நான்கு வருடம் ஆகிறது. ஓராண்டில் நான்கு முறை நீர்க்கடுப்பு வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் எரிச்சல், நிமிடத்துக்கு நிமிடம் போக வேண்டும் என்ற அவசரம், அடிவயிற்றில் வலி. முதல் முறை மோரும் இளநீரும் குடித்துப் பார்த்தார். அடுத்த மூன்று முறை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கை இரண்டு மூன்று நாள் சாப்பிட்டார். ஒவ்வொரு முறையும் சரியாகி, மறுபடி வந்தது. இவருக்கு எதைப் பரிந்துரைப்பது என்று கேட்டால், ஒன்று கையில் இல்லாமல் பதில் சொல்ல முடியாது: ஒரு யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்.

ஆறு மாதத்தில் இரண்டு தடவை அல்லது ஓராண்டில் மூன்று தடவை வந்தால், அது திரும்பத் திரும்ப வரும் தொற்று. ஆனால் எரிச்சல் எல்லாமே தொற்று அல்ல. வெள்ளைப்படுதலும் அரிப்பும் சேர்ந்து, சிறுநீர் வெளித்தோலில் படும்போது மட்டும் எரிந்தால் பூஞ்சையாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம். டபாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் அதிகம் என்பதால் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எந்தப் பரிசோதனை எதைச் சொல்லும்

லேபில் முதலில் எடுப்பது சாதாரண யூரின் டெஸ்ட். அதில் சீழ் செல்கள் கூடியிருந்தால் அழற்சி இருக்கிறது என்று தெரியும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரியாது. கல்ச்சர் இரண்டையும் சொல்லும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும், செலவும் கூடுதல். ஆனாலும் அடிக்கடி வருபவருக்கு முதல் டெஸ்ட்டைவிட இதற்குத்தான் மதிப்பு.

கல்ச்சர் வீணாவது பெரும்பாலும் எடுக்கும் விதத்தில்தான். ஆன்டிபயாடிக்கின் முதல் மாத்திரைக்கு முன்பே எடுக்க வேண்டும். ஒரு வேளை சாப்பிட்டுவிட்டாலே 'வளர்ச்சி இல்லை' என்று வரக்கூடும். உறுப்பின் உதடுகளை விரித்துப் பிடித்து, முதலில் கொஞ்சம் கழித்துவிட்டு, நடுவில் வருவதை லேப் தந்த கிருமி நீக்கிய டப்பாவில் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போகாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். வெயிலில் இருந்தால் தோலிலிருந்து வந்த கிருமிகளும் பெருகி, 'பல வகைக் கிருமிகள் கலந்துள்ளன' என்று ரிப்போர்ட் வரும். அது நோயைக் காட்டுவதில்லை, மறுபடி எடுக்கச் சொல்கிறது.

இரண்டு மூன்று ரிப்போர்ட்டுகள் சேர்ந்தால் ஒரு கணக்குப் புரியும். மருந்து முடிந்து இரண்டு வாரத்துக்குள் அதே கிருமி திரும்பினால், அது உள்ளேயே எங்கோ தங்கியிருக்கிறது: கல் இருக்கலாம், சிறுநீர்ப்பை முழுதும் காலியாகாமல் இருக்கலாம், கொடுத்த மருந்து கேட்காமலும் போயிருக்கலாம். பல வாரம், மாதம் கழித்து வந்தால் பெரும்பாலும் வெளியிலிருந்து, அதாவது குடலிலிருந்து பிறப்புறுப்பு வழியாகப் புதிதாக ஏறிய தொற்று. பெரும்பாலான பெண்களுக்கு நடப்பது இரண்டாவதுதான். கிருமி பெரும்பாலும் ஈ.கோலை.

அதனால்தான் எல்லோருக்கும் ஸ்கேன் தேவையில்லை. முதல் வகைக்கும், கல் வந்த வரலாறு உள்ளவருக்கும், கல்ச்சரில் கல் உருவாக வழிசெய்யும் புரோட்டியஸ் கிருமி வந்தவருக்கும் அல்ட்ராசவுண்ட் செய்வது பயனுள்ளது. அதிலேயே, சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 100, 150 மில்லி என்று நின்றால் கர்ப்பப்பை இறக்கம், சர்க்கரையால் நரம்புப் பாதிப்பு போன்ற காரணத்தைத் தேட வேண்டும். குழாய் விட்டுப் பார்க்கும் சிஸ்டாஸ்கோப்பியை, தொற்று தீர்ந்த பிறகும் சிறுநீரில் ரத்தம் இருந்தால் பேசலாம். சீழ் செல்கள் இருந்தும் கல்ச்சர் திரும்பத் திரும்ப ஒன்றும் காட்டாவிட்டால் நம் நாட்டில் சிறுநீரகக் காசநோயை மறக்கக் கூடாது. அதற்கான பரிசோதனைகள் வேறு.

எதிர்ப்பக்கத் தவறு ஒன்றும் உண்டு. எந்தத் தொந்தரவும் இல்லாதபோது 'எதற்கும் பார்ப்போம்' என்று கல்ச்சர் எடுத்து, கிருமி இருக்கிறதென்று மருந்து சாப்பிடுவது. கர்ப்பிணி அல்லாதவருக்கு இதனால் பயனில்லை. எதிர்ப்பு பெற்ற கிருமிதான் மிஞ்சும்.

தடுக்கும் வழிகளில் எது யாருக்கு

தண்ணீர் என்றால் எல்லோரும் சொல்வதுதானே என்று தோன்றும். ஆனால் அது வேலை செய்வது குறைவாகக் குடிப்பவர்களுக்குத்தான் நிரூபணமாகியிருக்கிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்து அடிக்கடி தொற்று வந்த 140 பெண்களில் பாதிப் பேர் கூடுதலாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை வந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை. கழிவறை சரியில்லாததால் வேலை நேரம் முழுக்கக் குடிக்காமல் இருக்கும் பெண்ணுக்கு இது மிகப் பெரிய வித்தியாசம். ஏற்கெனவே மூன்று லிட்டர் குடிப்பவருக்கு இதில் புதிதாக ஒன்றும் கிடைக்காது. இதய, சிறுநீரக நோய் உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

முன்னிருந்து பின்னாகத் துடைப்பது, உறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பது இரண்டுக்கும் வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. தீங்கும் இல்லை என்பதால் செய்யலாம், ஆனால் தொற்று வந்தால் சுத்தமாக இல்லை என்று அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்வது அநியாயம். பிறப்புறுப்பின் உள்ளே சோப்பு, வாஷ் போட்டுக் கழுவுவதைத்தான் நிறுத்த வேண்டும். காக்கும் கிருமிகள் அதில் அழிகின்றன. விந்தணுக்கொல்லி தடவிய ஆணுறையும் இப்படித்தான்.

மாதவிடாய் நின்றவருக்குத் தண்ணீரைவிட வலுவானது பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம். ஹார்மோன் குறைந்ததும் அங்கே அமிலத்தன்மை குறைந்து லாக்டோபேசில்லஸ் என்ற காக்கும் கிருமி மறைகிறது, குடல் கிருமி இடம் பிடிக்கிறது. கிரீம் அதைத் திருப்புகிறது. 1993-இல் வெளியான ஆய்வில் 0.5 மில்லிகிராம் எஸ்ட்ரியாலை இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் இரண்டு முறை வைத்தவர்களுக்கு ஆண்டுக்கு 0.5 முறையும், மருந்தில்லாக் கிரீம் வைத்தவர்களுக்கு 5.9 முறையும் தொற்று வந்தது. பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். பத்து நாளில் ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஹார்மோன் மாத்திரை இதற்குப் பதிலாகாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர் புற்றுநோய் மருத்துவரிடம் பேசிய பின்பே தொடங்க வேண்டும்.

தினசரி குறைந்த அளவு ஆன்டிபயாடிக் தொற்றை நன்றாகவே குறைக்கும், நிறுத்தினால் பெரும்பாலும் பழையபடி வரும். இதற்குத் தரும் ஆன்டிபயாடிக்குகளில் ஒன்றான நைட்ரோஃபுரான்டாயினை மாதக்கணக்கில் எடுத்தால் நுரையீரல், கல்லீரல் பாதிப்பு அரிதாக வரலாம். வறட்டு இருமல், மூச்சுத்திணறல் தொடங்கினால் நிறுத்திவிட்டு உடனே சொல்ல வேண்டும். இளம் பெண்ணுக்கு உறவுக்குப் பிறகு மட்டும் வருகிறதென்றால் தினமும் வேண்டாம், உறவுக்குப் பின் ஒரு வேளை போதும். கருத்தரிக்கத் திட்டம் இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக் அல்லாத மெத்தெனமின் ஹிப்யூரேட் மாத்திரை தினசரி ஆன்டிபயாடிக்குக்கு ஏறக்குறைய ஈடாக நிற்கிறது என்று 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். கிரான்பெர்ரி ஓரளவு உதவும். டி-மானோஸ் பொடிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம், 2024-இல் வெளியான பெரிய ஆய்வில் அது பயனளிக்கவில்லை.

தொடக்கத்தில் சொன்ன பெண்ணுக்கு வருவோம். அடுத்த முறை எரிச்சல் தொடங்கியதும் மாத்திரைக்கு முன் கல்ச்சர், கூடவே சர்க்கரைக்கு ஹெச்பிஏ1சி. ஈ.கோலை வந்து, மாதக்கணக்கு இடைவெளியும் இருந்தால் ஸ்கேனை விட்டுவிட்டு, அப்போதைய தொற்றுக்கு ரிப்போர்ட்படி தந்த மருந்தைச் சொன்ன நாள்கள் முழுவதும் சாப்பிட்டு முடித்து, ஈஸ்ட்ரோஜன் கிரீமைத் தொடங்கலாம். மூன்று மாதம் ஒழுங்காக வைத்தும் வந்தால் மட்டும் மெத்தெனமின் அல்லது தினசரி ஆன்டிபயாடிக். இடையில் எப்போதாவது குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி என்று வந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.