சோப்பு உறைக்கு ஒரு படம்: எந்த லைசென்ஸ் எடுப்பது?

புது சோப்பு ஒன்றின் உறை முகப்புக்குப் புகைப்படம் தேவை. இரண்டு நாடுகளில் விற்பனை. மூன்று வழிகள் உண்டு: ராயல்டி-ஃப்ரீ, ரைட்ஸ்-மேனேஜ்டு, பைஅவுட்.

ராயல்டி-ஃப்ரீதான் மலிவு. ஒருமுறை பணம் கட்டினால் காலக்கெடுவும் நாட்டு எல்லையும் கிடையாது. ஆனால் பல ஸ்டாக் தளங்களின் சாதாரண லைசென்ஸில் அச்சுப் பிரதிக்கு உச்சவரம்பு இருக்கும். 5 லட்சம் என்பது அடிக்கடி காணும் எண். உறைக்கு அது சீக்கிரமே தீர்ந்துவிடும். அதைவிடச் சிக்கல், அதே படத்தைப் போட்டி சோப்புக்காரரும் வாங்கலாம், தடுக்க வழியில்லை.

ரைட்ஸ்-மேனேஜ்டில் பயன்பாட்டைப் பொறுத்தே கட்டணம். ஒரு நாடு, ஓராண்டு, பிரத்தியேகம் இல்லை என்றால் 100 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாண்டு ஆனால் இரட்டிப்பாகாது, 160 என்று பேசி முடியலாம். இரண்டாவது நாட்டையும் சேர்த்தால் 240. குளியல், அழகுப் பொருட்களில் மட்டும் வேறு யாருக்கும் தரக்கூடாது என்றால் 360. எந்தத் துறைக்கும் தரக்கூடாது என்றால் 720 வரை கேட்பார்கள், ஏனென்றால் வங்கிக்கும் விமான நிறுவனத்துக்கும் விற்கும் வாய்ப்பைப் புகைப்படக்காரர் இழக்கிறார். (விகிதங்கள் உதாரணத்துக்குத்தான், பேரத்தில் மாறும்.) சோப்புக்காரருக்கு 360 போதும். வங்கி விளம்பரத்தில் அந்தப் படம் வந்தால் அவருக்கு என்ன நஷ்டம்?

பிரத்தியேகத்துக்குப் பணம் கொடுக்கும் முன் விற்பனை வரலாற்றை எழுத்தில் கேளுங்கள். படம் முன்பு ராயல்டி-ஃப்ரீயாகப் போயிருந்தால் அந்தப் பழைய லைசென்ஸ்கள் காலாவதியாகாது. அப்புறம் பிரத்தியேகம் காகிதத்தில் மட்டும்தான்.

அதிகம் சண்டை வருவது தேதியில். கையெழுத்திட்ட நாளிலிருந்து இரண்டாண்டு என்று இருந்தால், வடிவமைப்பிலும் அச்சிலுமே சில மாதங்கள் கரைந்துவிடும். முதல் விற்பனை நாளிலிருந்து எனக் கேளுங்கள். விற்பனை தாமதமானாலும் இந்தத் தேதியில் கணக்கு தொடங்கிவிடும் என்று விற்பவர் பெரும்பாலும் ஒரு கடைசித் தேதியும் வைப்பார், அது நியாயம்தான். லைசென்ஸ் முடியும்போது கடைகளில் பழைய உறை கிடக்கும். எனவே 'கெடு முடிந்தபின் புதிதாக அச்சிடக் கூடாது, அச்சிட்டதை 6 மாதத்துக்குள் விற்றுத் தீர்க்கலாம்' என்ற வரி அவசியம். சமூக வலைத்தளப் பதிவு எல்லா நாட்டிலும் தெரியும் என்பதால், கட்டண விளம்பரம் அந்த இரு நாடுகளுக்கு மட்டும், பழைய பதிவு அப்படியே இருக்கலாம், மறுபடி விளம்பரப்படுத்தக் கூடாது என்று பிரித்து எழுத வேண்டும்.

பைஅவுட், அதாவது ஒரே தொகை கொடுத்து எல்லா உரிமையையும் மொத்தமாக வாங்குவது, இங்கே வீண்செலவு. லோகோ போலப் பிராண்டோடு என்றைக்கும் இருக்கும் டிசைனுக்குத்தான் அது பொருந்தும். அங்கேயும் வரம்பற்ற பயன்பாட்டு உரிமையா, பதிப்புரிமையே கைமாறுகிறதா என்பதை ஒப்பந்தம் சொல்லவேண்டும். முதல் வகையில் வடிவமைத்தவர் அதைத் தன்னுடையது என்று இன்னொருவருக்கும் விற்க முடியலாம்.

எதை எடுத்தாலும், படத்தில் ஆளின் முகம் தெரிந்தால், தன் படத்தைப் பயன்படுத்த அவர் கையெழுத்திட்டுத் தந்த சம்மதமான மாடல் ரிலீஸைத் தனியாகப் படியுங்கள். புகைப்படக்காரர் இரண்டாண்டு தந்திருப்பார், மாடல் கையெழுத்திட்டது ஓராண்டுக்காக இருக்கும். அப்படியானால் இரண்டாம் ஆண்டு உறை அச்சாகும் முன் மாடலிடம் நீட்டிப்பு வாங்கியாக வேண்டும்.