தைராய்டு நீக்கிய பிறகு கால்சியம் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பினார்கள்: ஓர் எச்சரிக்கை

என் அக்காவுக்கு 44 வயது. கழுத்தின் இரு பக்கமும் கட்டிகள் வளர்ந்து மூச்சுக்குழலை அழுத்தத் தொடங்கியதால், எங்கள் மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் தைராய்டு சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்டார்கள். அதன்பின் அவருக்கு இரண்டு சிக்கல்கள் வந்தன: இரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கியது, இடப்பக்கக் குரல் நாண் அசையாமல் நின்றுவிட்டது. இந்த இரண்டும் தேர்ந்த கைகளிலும் வரக்கூடியவை என்பதால், அவை வந்ததற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. வரக்கூடியவை என்று தெரிந்திருந்தும் அவை வருகின்றனவா என்று ஒருவரும் பார்க்கவில்லை என்பதே என் புகார்.

தைராய்டின் பின்புறத்தில், பக்கத்துக்கு இரண்டாகப் பெரும்பாலானோருக்கு நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு துவரம்பருப்பு அளவுதான். நிறமும் சுற்றியுள்ள கொழுப்பைப் போலவே இருப்பதால் பிரித்தறிவது கடினம். இரத்தத்தில் கால்சியம் குறையாமல் காப்பது இவை சுரக்கும் பாராதைராய்டு ஹார்மோன். தைராய்டை விலக்கி எடுக்கும்போது இவற்றுக்கு வரும் மெல்லிய இரத்தக்குழாய்கள் அடிபடலாம். சில வேளைகளில் சுரப்பியே தைராய்டோடு சேர்ந்து வெளியே போய்விடலாம். அடிபட்டவை பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடும். அதுவரை கால்சியம் இறங்கும். அந்த இறக்கம் அறுவை சிகிச்சை நடந்த உடனே தெரிவதில்லை என்பதுதான் இதில் முக்கியமானது. மிகக் குறைந்த அளவு பொதுவாக இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வருகிறது. அதாவது, மறுநாளே நன்றாக எழுந்து நடக்கிறார் என்று ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால், ஆபத்தான நாட்கள் வீட்டில்தான் கழியும்.

அக்காவை அப்படித்தான் அனுப்பினார்கள். திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. புதன் காலை டிஸ்சார்ஜ். கழுத்தில் இரத்தம் கட்டி மூச்சு அடைக்கிறதா என்பதை முதல் இரவு முழுவதும் செவிலியர்கள் ஒழுங்காகப் பார்த்தார்கள். அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அறுவைக்கு முன் 9.1 என்று ஒருமுறை பார்த்த கால்சியத்தை, பின்னர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கையில் கொடுத்த சீட்டில் தைராக்சின், வலி மாத்திரை, ஆன்டிபயாடிக் ஆகிய மூன்றும் இருந்தன. கால்சியம் மாத்திரை இல்லை. உதடு மரத்துப்போனால் உடனே வர வேண்டும் என்ற ஒரு வரிகூட அதில் இல்லை.

புதன் மாலையே அக்காவுக்கு உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு தொடங்கியது. அத்தான் மருத்துவமனைக்குப் போன் செய்தபோது, பயத்தில் வேகமாக மூச்சு விடுவதால் அப்படி இருக்கும், தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. வேகமாக மூச்சு விடுவதாலும் அப்படி மரத்துப்போவது உண்டு என்பது உண்மையே. ஆனால் தைராய்டு முழுவதையும் எடுத்து இரண்டு நாள் ஆன ஒருவருக்கு, எது காரணம் என்பதைப் போனில் ஊகிக்கக் கூடாது; ஓர் இரத்தப் பரிசோதனை அதைச் சொல்லிவிடும். இரவில் கெண்டைக்கால் தசைகள் இழுத்தன. மறுபடி அழைத்தோம். வைட்டமின் டி பாக்கெட் ஒன்றைப் பாலில் கலந்து கொடுங்கள் என்றார்கள்.

அந்த அறிவுரை ஏன் பயன்படாது என்பதைப் பிறகு ஒரு மருத்துவர் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். கடையில் வாங்கும் வைட்டமின் டி அப்படியே வேலை செய்வதில்லை. கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்த பிறகே குடல் கால்சியத்தை உறிஞ்ச உதவுகிறது. சிறுநீரகத்தில் நடக்கும் அந்த இரண்டாவது மாற்றத்தைத் தூண்டுவது பாராதைராய்டு ஹார்மோன். அந்த ஹார்மோனே இல்லாதபோது பாக்கெட்டால் உடனடிப் பயன் இல்லை. ஏற்கெனவே மாற்றமடைந்த வடிவமான கால்சிட்ரியால் மாத்திரையைத்தான் கால்சியத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

வியாழன் காலை தெருமுனையில் உள்ள பொது மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டிக் காற்றை ஏற்றி, அளவு பார்த்தபின் இறக்காமல் அப்படியே சற்று நேரம் வைத்திருந்தார். மூன்று நிமிடம் ஆவதற்குள் அக்காவின் கை மணிக்கட்டில் மடங்கி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் இழுத்துக்கொண்டு, மற்ற விரல்கள் நீட்டி விறைத்தன. கால்சியம் குறைந்திருப்பதற்கான பழைய, நம்பகமான அடையாளம் அது. துரூசோ என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் அழைக்கப்படுகிறது. காதுக்கு முன்னால் கன்னத்தில் விரலால் தட்டி வாயோரம் துடிக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு சோதனை. ஆனால் நலமாக இருக்கும் சிலருக்கும் கன்னம் துடிக்கும் என்பதால், அதை மட்டும் நம்ப முடியாது என்றார். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே கால்சியம் 6.2 என்று வந்தது. இயல்பான அளவு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை. இரத்தத்தில் அல்புமின் புரதம் குறைந்திருந்தால் கால்சியமும் குறைவாகத் தோன்றும் என்பதால் அதையும் பார்த்தார்கள். அக்காவுக்கு அது 3.5 இருந்தது, 4-க்குக் குறையும் ஒவ்வொரு அலகுக்கும் 0.8 கூட்டிக் கணக்கிட்டால் 6.6. புரதத்தைக் காரணம் காட்ட இடமில்லை. ஈசிஜியில் இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் மீளும் நேரம் நீண்டிருந்தது. அது மேலும் நீண்டால் துடிப்பே தாறுமாறாகலாம். மானிட்டரில் இணைத்தபடி, 10 சதவீத கால்சியம் குளுகோனேட் 10 மில்லியைப் பத்து நிமிடங்களுக்கு மேல் மெதுவாக இரத்தக்குழாய் வழியாகச் செலுத்தினார்கள். வேகமாகச் செலுத்தினால் இதயத்துடிப்பு தடுமாறும் என்பதால்தான் அந்த நிதானம். ஓர் ஊசியின் பலன் சில மணி நேரமே நிற்கும். ஆகவே தொடர்ந்து டிரிப்ஸில் ஏற்றி, கால்சியம் மாத்திரையும் கால்சிட்ரியாலும் தொடங்கினார்கள். மக்னீசியம் குறைவாக இருந்தால் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் ஏறாது என்பதால் அதையும் பரிசோதித்தார்கள். பாராதைராய்டு ஹார்மோன் 4 என்று வந்தது. பெரும்பாலான ஆய்வகங்களில் குறைந்தபட்ச அளவே 15-ஐ ஒட்டி இருக்கும்.

இந்த ஹார்மோன் பரிசோதனையைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கால்சியம் இறங்க நாட்கள் ஆகும். ஹார்மோனோ சில நிமிடங்களில் இரத்தத்திலிருந்து குறைந்துவிடும். அதனால் அறுவை முடிந்த சில மணி நேரத்திலோ மறுநாள் காலையிலோ அதை ஒருமுறை பார்த்தாலே, யாருக்குக் கால்சியம் இறங்கப் போகிறது என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே அறியலாம். அளவு நன்றாக இருப்பவரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பலாம். குறைந்தவருக்கு அன்றே மாத்திரையைத் தொடங்கலாம். அந்த வசதி இல்லாத இடத்தில் கால்சியத்தையாவது தினம் பார்த்து, அது இறங்குவது நின்ற பிறகே அனுப்ப வேண்டும். அல்லது எல்லோருக்கும் முன்னெச்சரிக்கையாக மாத்திரை கொடுத்து அனுப்ப வேண்டும். இந்த மூன்றில் ஒன்றுகூட அக்காவுக்குச் செய்யப்படவில்லை.

குரலின் கதையும் இதே போன்றதுதான். அறுவை முடிந்ததிலிருந்து அக்காவின் குரல் காற்றாகவே வந்தது. தண்ணீர் குடித்தால் புரை ஏறியது. மயக்க மருந்துக்குப் போட்ட குழாய் உரசியதால் அப்படி இருக்கிறது, சரியாகிவிடும் என்றார்கள். குழாயால் வரும் கரகரப்பு பெரும்பாலும் சில நாட்களில் குறைந்துவிடும். தண்ணீருக்குப் புரை ஏறுவதும், ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூச்சு தீர்ந்துபோவதும் குரல் நாண்கள் முழுதாக மூடவில்லை என்பதன் அறிகுறிகள். அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் மூக்கு வழியாக மெல்லிய ஸ்கோப்பை விட்டுச் சில நிமிடங்களிலேயே பார்த்துச் சொன்னார்கள்: இடது நாண் அசையவில்லை.

குரல் நாணை அசைக்கும் நரம்பு, தைராய்டுக்குப் பின்னால் மூச்சுக்குழலை ஒட்டி மேலேறிக் குரல்வளைக்குள் நுழைகிறது. அது அறுபடுவதைவிட இழுபடுவதே அதிகம். இழுபட்டது மாதக்கணக்கில் மெல்லத் தேறக்கூடும். அதனால் அறுவைக்கு முன்பும் பின்பும் ஸ்கோப் செய்வது நல்ல வழக்கம். முன்பே செய்திருந்தால்தான் பின்னால் தெரிவது புதிய சேதமா, கட்டியின் அழுத்தத்தால் ஏற்கெனவே இருந்ததா என்று பிரிக்க முடியும். அக்காவுக்கு இரண்டுமே செய்யவில்லை. நரம்பின் செயல்பாட்டை அறுவையின்போதே அறியும் கருவியும் உண்டு: மயக்க மருந்துக்குப் போடும் குழாயில் பதித்த மின்முனைகள், நரம்பைத் தூண்டும்போது நாண் துடிக்கிறதா என்று காட்டும். அது சேதத்தை முழுதாகத் தடுத்துவிடாது. ஆனால் ஒரு பக்கத்தில் சமிக்ஞை மறைந்துவிட்டால் மறுபக்கத்தை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைக்க அறுவை மருத்துவருக்கு வாய்ப்பளிக்கும். இரு நாண்களும் நடுவில் நின்றுவிட்டால் குரல் அல்ல, மூச்சே அடைபடும். தொண்டையில் துளையிட வேண்டியிருக்கும்.

நாங்கள் பதிவேடுகளைக் கேட்டோம். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவரது அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். அதைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்த பிறகே கிடைத்தன. அறுவைக் குறிப்பு நான்கு வரி. தைராய்டு முழுவதும் நீக்கப்பட்டது, இரத்தக் கசிவு நிறுத்தப்பட்டது என்று இருந்தது. நரம்பு கண்ணால் பார்க்கப்பட்டதா, எத்தனை பாராதைராய்டுகள் அடையாளம் காணப்பட்டன, அவை இடத்திலேயே விடப்பட்டனவா என்று ஒரு சொல் இல்லை. திசுப் பரிசோதனை அறிக்கை அதைவிட வேதனை தந்தது. புற்றுநோய் இல்லை என்று எங்களிடம் மகிழ்ச்சியோடு சொல்லியிருந்தார்கள்; அதே அறிக்கையின் கடைசி வரியில், அனுப்பப்பட்ட தைராய்டோடு இரண்டு பாராதைராய்டு சுரப்பிகளும் இருந்ததாக எழுதியிருந்தது. அந்த வரியை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

தைராய்டு அறுவைக்குத் தேதி வாங்கியிருப்பவர்கள் முன்கூட்டியே கேட்க வேண்டியவை இவைதான்: முன்னும் பின்னும் குரல் நாணை ஸ்கோப்பில் பார்ப்பீர்களா, அறுவைக்குப் பின் கால்சியத்தையும் பாராதைராய்டு ஹார்மோனையும் எப்போது பார்ப்பீர்கள், இரவில் உதடு மரத்தால் எந்த எண்ணை அழைப்பது, எங்கே ஊசி போடுவார்கள்? விடையை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

இப்போது நான்கு மாதம் ஆகிறது. அக்கா நாளுக்கு மூன்று வேளை கால்சியமும் இரண்டு வேளை கால்சிட்ரியாலும் எடுக்கிறார். கால்சியம் தைராக்சினைக் குடலில் பிடித்துக்கொள்ளும் என்பதால், விடிகாலையில் தைராக்சின் போட்டு நான்கு மணி நேரம் கழித்தே முதல் கால்சியம். ஹார்மோன் 9-க்கு ஏறியிருக்கிறது. கால்சியத்தை இயல்பின் கீழ்விளிம்பிலேயே வைத்திருக்கிறார்கள். மேலே ஏற்றினால் சிறுநீரில் கொட்டிச் சிறுநீரகத்தில் கல் சேரும். வலது நாண் நடுக்கோட்டைத் தாண்டி வந்து இடது நாணைத் தொடப் பழகியதால் குரல் பாதி திரும்பியிருக்கிறது. தலையை இடப்பக்கம் திருப்பி, தாடையைத் தாழ்த்தி விழுங்கினால் புரை ஏறுவதில்லை. ஆறு மாதத்திலிருந்து ஓர் ஆண்டுக்குள் ஹார்மோன் தேறாவிட்டால் அதை நிரந்தரக் குறைபாடு என்று கொள்வார்கள். நாணும் அதற்குள் அசையாவிட்டால் அதை நடுவுக்குத் தள்ளிவைக்கும் சிகிச்சையைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறார்கள். அடுத்த ஸ்கோப்புக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.