இலக்கம் திரும்ப வரலாமா, கூடாதா? 4 இலக்க பின் நம்பர் கணக்கு

போட்ட இலக்கமே மறுபடி வரலாமா என்று முதலில் பாருங்கள். கணக்கு அங்கேதான் பிரிகிறது.

வரலாம்: ஒவ்வொரு இடத்துக்கும் 10 வழி. 10 × 10 × 10 × 10 = 10,000.
வரக்கூடாது: இடத்துக்கு இடம் ஒன்று குறையும். 10 × 9 × 8 × 7 = 5,040.

2255 மாதிரி 4,960 எண்கள் அடிபட்டுப் போகின்றன, கிட்டத்தட்ட பாதி!

இடங்களை வரிசையாக நிரப்பினால் பெருக்கல். திரும்ப வராத '4 அல்லது 6 இலக்கம்' என்றால் தனித்தனியே பெருக்கி, கடைசியில் கூட்டல்: 5,040 + 1,51,200 = 1,56,240. அங்கேயும் பெருக்கினால், ஒருவரே இரண்டு பின்னும் வைத்திருப்பதாக ஆகிவிடும்.

வண்டி நம்பருக்கு முதல் கணக்குதான். ஆனால் 0000 கிடையாது. ஒரு வரிசைக்கு 9,999. கேள்வியில் 'வெவ்வேறு இலக்கங்கள்' என்றிருந்தால் இரண்டாவது.